படமாக ஒட்டிய சொல்

பாலாவிச் சந்தியில் நான் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தேன். ஒரு போட்டோகொப்பி மெஷின், இரண்டு கணினி, வெளியே ஆட்கள் உட்கார ஒரு வாங்கு. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டைப் அடிக்க, படிவம் நிரப்ப, கல்யாண அழைப்பிதழ் போட என்று காலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் கையில் ஒரு பென்டிரைவ் இருக்கும், வாயில் ஒரே கதை இருக்கும்: "மிஸ், இந்த பி.டி.எஃப்ல சின்னதா ஒரு மாத்தம்."

சின்ன மாற்றம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். எது சின்னது என்ற தீர்மானத்தை நான் அவர்களிடம் விட்டதில்லை. அதனால் திமிர் பிடித்தவள் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை.

கொழும்பிலிருந்து கோடினேட்டர் வந்த அன்று நான் ஒரு ஐஸ் ஃபெக்டரியின் போஸ்டரில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அதில் டெலிபோன் இலக்கம் ஒன்று பிழை. அதைச் செய்த ஆளின் கணினி பழுதாகிப் போய்விட்டது. போஸ்டரின் மூலக் கோப்பு, அதாவது எழுத்தை முதலில் அடித்து அடுக்கிய ஃபைல், எங்குமே இல்லை. எஞ்சியிருந்தது பி.டி.எஃப் மட்டும். நான் அதைத் திறந்து, மூன்றை அழித்து ஏழைப் போட்டேன். ஏழு பொருந்தி உட்கார்ந்தது.

கோடினேட்டர் என் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்தீங்களா தங்கச்சி, எவ்வளவு லேசான வேல. எனக்கும் இப்பிடித்தான் ஒரு நாலஞ்சு இடத்தில மாத்தணும்" என்றார்.

அவர் நல்ல மனிதர். வெள்ளைச் சேர்ட், மெல்லிய குரல், எப்போது வந்தாலும் முதலில் உம்மாவின் சுகத்தைத்தான் கேட்பார். அவர் வேலை செய்த நிறுவனம்தான் எங்கள் புத்தகத்தை அச்சடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தது.

எங்கள் புத்தகம் என்றால், தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்திலிருந்து இயக்கத்துக்காரர்களால் வெளியே அனுப்பப்பட்டு வந்த முஸ்லிம் பெண்கள் தங்கள் வாயால் சொன்ன கதைகள். அவர்களில் சிலர் வள்ளத்தில் வந்து கல்பிட்டியில் இறங்கியவர்கள். நானும் அப்படி ஒரு வள்ளத்தில் உம்மாவின் மடியில் வந்தவள்தான். எனக்கு ஞாபகம் இருப்பது நனைந்த பாவாடை மட்டும். பெரியவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எங்கள் குடியேற்றத்தின் பெண்கள் அதைச் சொன்னார்கள், நான் போனில் பதிந்து டைப் அடித்தேன். அடித்ததை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் ஓம் என்ற பிறகுதான் அடுத்த ஆளிடம் போனேன். எல்லாம் முடிந்து பி.டி.எஃப் ஆக்கி, எங்கள் கமிட்டி பார்த்து ஒப்புக்கொண்டு, கொழும்புக்கு அனுப்பியிருந்தோம்.

"என்ன மாத்தணும் சேர்?" என்று கேட்டேன்.

அவர் தன் ஃபைலைத் திறந்து ஒரு வசனத்தில் விரலை வைத்தார். 'நாங்கள் வெளியேற்றப்பட்டோம்' என்று இருந்தது.

"இது கொஞ்சம் கடும் சொல். 'இடம்பெயர்ந்தோம்' எண்டு போட்டா போதும். வெளியீட்டுக்குப் பெரிய பெரிய ஆக்கள் வருவாங்க. டிரெக்டர் சொல்றார், சமாதானக் காலத்தில என்னத்துக்கு ஒராளக் குத்திக்காட்டிக்கிட்டு எண்டு."

"அது என்ட சொல் இல்ல சேர். முதல் கதை சொன்ன ராத்தாட சொல். அவங்கட்ட கேளுங்க."

"கேக்கலாம். ஆனா நாளைக்கு ப்ரெஸ்ஸுக்குப் போகணும். நீங்க இப்ப மாத்துங்க, நான் அவங்களோட கதைக்கிறன்."

"மாத்தமாட்டன்."

அவர் சிரித்தார். நான் கூடுதலாகக் காசு எதிர்பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்ப அந்த ஐஸ் ஃபெக்டரிக்காரனுக்கு மட்டும் செஞ்சு குடுக்குறீங்க."

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததால் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லி விளக்கினேன். வேர்டில் ஒரு பந்தியை அடித்தால் அது பந்தியாகவே இருக்கும். நடுவில் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் மிச்சச் சொற்கள் நகர்ந்து இடம் கொடுக்கும். பி.டி.எஃப்புக்குப் போனதும் அந்த நகர்வு நின்றுவிடும். இந்த எழுத்தை இந்த இடத்தில் வை, அந்த எழுத்தை அந்த இடத்தில் வை என்ற கட்டளைகள்தான் உள்ளே இருக்கும். நீளமான சொல்லை எடுத்துக் குட்டிச் சொல்லை வைத்தால் பக்கத்துச் சொல் கிட்ட வராது. பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டை தெரியும். எழுத்துருவும் முழுதாக உள்ளே போவதில்லை, பாவித்த எழுத்துகள் மட்டும்தான் போகும். புதுச் சொல்லில் ஓரெழுத்து அங்கே இல்லாவிட்டால் கட்டம் விழும், அல்லது வேறு எழுத்துரு வந்து உட்காரும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. பல மென்பொருட்களுக்குக் கொம்பை எங்கே போடுவதென்று தெரியாது. 'பெ' என்று அடித்தால் கொம்பைப் பகரத்துக்குப் பின்னால் போட்டுவிடும், அடுத்த எழுத்து அதைத் தூக்கிக்கொள்ளும்.

"ஐஸ் ஃபெக்டரியில ஓர் இலக்கத்துக்கு இன்னோர் இலக்கம். ரெண்டுக்கும் ஒரே அகலம். ஏழு அதே போஸ்டரில வேற இடத்தில அதே எழுத்துருவில இருந்திச்சி. மூலமும் இல்ல. அதால செஞ்சன்" என்றேன். "உங்கட ஃபைலுக்கு மூலம் என்ட கணினியில இரிக்கி. கமிட்டி ஒப்புக்கிட்டா மூலத்தில மாத்தி திரும்ப பி.டி.எஃப் எடுத்துத் தருவன். ஒப்புக்காட்டி ஒரு புள்ளியும் மாறாது."

"அப்ப அந்த வேர்ட் ஃபைல எனக்கு அனுப்புங்க."

"அது கமிட்டிட. கமிட்டிட்ட கேளுங்க."

அவர் எழுந்தார். கோபப்படவில்லை. "நீங்க ஒரு சொல்லுக்குப் போய் இவ்வளவு கதைக்கிறீங்க" என்றார். வெளியே அவருடைய வேனின் நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு ஏறிப் போனார்.

ஒரு சொல்தானே என்ற அந்தக் கதை எனக்கு நாள் முழுக்கச் சுட்டது. ஒரு சொல்தான் என்றால் அவர் ஏன் கொழும்பிலிருந்து வந்தார்?

மறுநாள் அச்சுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த கிழமை கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்கு அவரே அழைப்பு விடுத்தார். இறுதிப் பிரதியைக் காட்டி ஒப்புதல் வாங்குவதாக அறிவித்தல். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, குடியேற்றத்தின் பாலர் பாடசாலையில். அன்று காலையிலேயே கமிட்டிக்காரர்களுக்கு ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். கூட்டத்துக்கு வரும்போது அச்செடுத்த தாள்களையும் சுவரில் காட்டுவதற்கு ஒரு ப்ரொஜெக்டரையும் கொண்டுவந்தார்.

குட்டிக் கதிரைகளில் பெரிய பெண்கள் முழங்காலை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ராத்தா. ராத்தா என்றால் அக்கா, ஆனால் என் சொந்தக்காரி இல்லை. எங்கள் குடியேற்றத்தில் எல்லோருக்குமே அவர் ராத்தாதான். மாம்புரிப் பக்கம் தோட்டங்களுக்கு வெங்காயம் நடவும் பிடுங்கவும் போகிறவர், கமிட்டியின் தலைவி. புத்தகத்தில் முதல் கதை அவருடையது. ஓரமாக மேசை போட்டு மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவர், கமிட்டியின் செயலாளர். என் வயதுதான் இருக்கும். இருபது வயதில் ஒரு நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவருடைய லெப்டொப்பில் திரையில் உள்ளதை வாசிக்கிற மென்பொருள் இருந்தது. ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மறு காதால் எங்களைக் கேட்டுக்கொண்டு இருப்பார்.

இந்தப் புத்தகத்தின் முதல் பகுதியை நான் பழைய எழுத்துருவில் அடித்து அவருக்கு அனுப்பியபோது வாங்கிக் கட்டியது எனக்கு மறக்காது. "எங்கட உம்மாமார்ர கதைய உங்கட ஃபைல் எனக்கு ஏ, பி, சி, டி எண்டு வாசிக்குது" என்று போனில் ஏசினார். பழைய எழுத்துருக்கள் அப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழின் உருவம். பிறகு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். பி.டி.எஃப் எடுக்கும்போது எது தலைப்பு, எது பந்தி என்று வாசிப்பு மென்பொருளுக்குச் சொல்கிற அடையாளங்களையும் சேர்த்தே எடுத்தேன்.

கோடினேட்டர் சுவரில் பக்கம் பக்கமாகக் காட்டிக்கொண்டு போனார். முதல் கதை முடிகிற இடத்தில் மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்னத் திருத்தம். 'அன்று நாங்கள் வெளியேற்றப்பட்டோம்' எண்ட வசனத்துக்குப் பிறகு புதுப் பந்தி தொடங்கணும். இப்ப ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு இரிக்கி."

ராத்தா கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"மாஸ்டர், அப்பிடி ஒரு வசனம் இதுல இல்லையே. 'இடம்பெயர்ந்தோம்' எண்டுதான் இரிக்கி."

"இல்ல ராத்தா. வெளியேற்றப்பட்டோம். இப்பதான் என்ட காதில வாசிச்சிச்சி."

"என்ட கண்ணுக்கு முன்னால இரிக்கி மாஸ்டர்."

கோடினேட்டர் குறுக்கே வந்தார். "மாஸ்டர் பழைய ஃபைலத் திறந்திருப்பார். பரவாயில்ல, நாங்க அடுத்த பக்கத்துக்கு..."

"நீங்க காலம அனுப்பினதத்தான் திறந்திரிக்கிறன்" என்றார் மாஸ்டர். குரல் உயரவில்லை. "எனக்குக் கண்தான் தெரியாது. எந்த மின்னஞ்சலில என்ன வந்திச்சி எண்டு தெரியும்."

பின்வரிசையில் ஒரு பெண் பொருளடக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இஞ்ச பாருங்க, முன்னுக்கு 'வெளியேற்றம்' எண்டு தலைப்பு. உள்ளுக்குப் போனா அந்த இடத்தில 'இடப்பெயர்வு'. எது சரி?"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் எழுந்து கோடினேட்டருடைய லெப்டொப்புக்குப் போனேன். கேட்டுவிட்டுத்தான் தொட்டேன், அவர் கொஞ்சம் விலகி இடம் விட்டார். சுவரில் அந்த வசனத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்க மற்ற எழுத்துகள் எல்லாம் கூர்மையாகவே நின்றன. 'இடம்பெயர்ந்தோம்' மட்டும் மங்கிப் பிசிறடித்தது. அதைச் சுற்றிச் சாடையாக ஒரு வெள்ளைச் சதுரம், சதுரத்துக்கு அப்பால் ஓட்டை. அந்த இடத்தின் மேலால் மவுஸை இழுத்துத் தெரிவு செய்து, கொப்பி எடுத்து, ஒரு வெறும் பக்கத்தில் ஒட்டினேன். சுவரில் வந்து நின்றது: வெளியேற்றப்பட்டோம்.

பெண்கள் சுவரையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்ல மாத்தல்ல" என்றேன். "புதுச் சொல்ல வேற இடத்தில அடிச்சி, அதப் படம் எடுத்து, பழசுக்கு மேல ஒட்டியிருக்காங்க. கண்ணால பாக்கிறவங்களுக்குப் படம் தெரியும். மாஸ்டர்ட மெஷினுக்கு அடியில இருக்கிற எழுத்துத்தான் தெரியும்."

"அப்ப சரியா வாசிச்சது நான்தான்" என்றார் மாஸ்டர். சிலர் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை.

கோடினேட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு ஆளிடம் கொடுத்ததாகவும், அந்த ஆள் முதலில் எழுத்தாகவே மாற்றப் பார்த்துக் கொம்பும் காலும் இடம் மாறி வந்ததால் இப்படிச் செய்ததாகவும் சொன்னார். அது பொய்யில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பிறகு டிரெக்டர் பற்றி, வரப்போகிற விருந்தினர் பற்றி, சமாதானம் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் ராத்தா கேட்டு முடித்தார்.

"சேர், காத்தடிச்சா மணல் இடம்பெயரும்" என்றார். "நான் மணலா? வீட்டு வாசல்ல துவக்கோட வந்து நிண்டு, போங்க எண்டாங்க. உலையில சோறு கிடந்திச்சி. நான் போகல்ல, என்னய அனுப்பினாங்க. இத நான் இவ்வளவு காலமும் ஒரு படிவத்திலயும் எழுதல்ல, படிவத்தில அதுக்கு இடம் இல்ல. இந்தப் புத்தகத்திலயும் இடம் இல்லையெண்டா எனக்கு இந்தப் புத்தகம் வேணாம்."

"ராத்தா, நான் உங்களுக்கு எதிரா இல்ல."

"தெரியும். எங்களுக்கு எதிரா ஒருத்தரும் இல்ல. ஆனா எல்லாரும் எங்கட சொல்லத்தான் மாத்துறீங்க."

கோடினேட்டர் தோற்றுப்போனவர் போல அமர்ந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அந்தப் படங்கள மட்டும் அழிச்சிட்டாப் போதுமே தங்கச்சி? பழைய எழுத்து அடியில அப்பிடியே இரிக்கிதுதானே. இப்பவே அழிச்சி ப்ரெஸ்ஸுக்கு அனுப்பலாம்."

மெய்யாகவே அது செய்யக்கூடிய காரியம்தான். படத்தைத் தொட்டு அழித்தால் பழைய சொல் வெளிவரும். கமிட்டியில் இரண்டொருவர் தலையாட்டவும் தொடங்கிவிட்டார்கள். மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"ஏலாது" என்றேன். "நாங்க கண்டுபிடிச்ச படங்கள அழிக்கலாம். கண்டுபிடிக்காதது எத்தன எண்டு எனக்குத் தெரியாது. இந்த ஃபைலில யார் எங்க கை வச்சாங்க எண்டு நான் பக்கம் பக்கமா சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கணும். மாஸ்டர் கேட்ட புதுப் பந்தியும் இதுல வைக்கேலா, கீழ உள்ள வரி ஒண்டும் நகராது. மூலத்தில இருந்து திரும்ப எடுப்பம்."

"அப்ப நானும் ரெண்டு வசனம் கூட்டணும்" என்றார் ராத்தா.

எல்லோரும் திரும்பினோம்.

"அந்தச் சோத்தப் பத்தி முதல் தடவ நான் சொல்லல்ல. வெக்கமா இருந்திச்சி, ஊர் போகுது, இவள் சோத்தப் பத்திக் கதைக்கிறாள் எண்டு நினைப்பாங்க எண்டு. இப்ப சொல்றன். எழுது புள்ள."

கோடினேட்டர் ஒரு சொல்லைக் குறைக்க வந்திருந்தார். ராத்தா அவர் முன்னாலேயே, குட்டிக் கதிரையில் இருந்தபடி, ஒரு சின்னப் பந்தியே கூட்டினார். நான் என் கையில் இருந்த தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் மாஸ்டரும் ராத்தாவும் கடைக்கு வந்தார்கள். அன்று மற்ற வேலைகளை நான் எடுக்கவில்லை. வாங்கில் காத்திருந்த ஒருவர் முறைத்துவிட்டுப் போனார், போகட்டும்.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. மூலத்திலிருந்து திரும்ப எடுப்பதிலும் ஆபத்து உண்டு. மூலக் கோப்பு பழசாக இருந்து, கடைசித் திருத்தங்கள் பி.டி.எஃப்பில் மட்டும் போயிருந்தால், திரும்ப எடுக்கும்போது பழைய பிழைகள் எல்லாம் எழுந்து வந்துவிடும். எந்தத் திருத்தமானாலும் மூலத்தில் செய்து பிறகே பி.டி.எஃப் எடுப்பது என் பழக்கம். இருந்தாலும் பழக்கத்தை நம்பி உட்காரவில்லை. கமிட்டி முன்பு ஒப்புக்கொண்ட பி.டி.எஃப் ஒரு பக்கம், வேர்ட் மூலம் ஒரு பக்கம் திறந்து வைத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு கோடினேட்டரின் ஃபைலைத் திறந்து அங்கே என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்தோம். கூட்டத்தில் காணாத இன்னும் சில படங்கள் அகப்பட்டன. ஓரிடத்தில், துப்பாக்கியைச் சொல்கிற 'துவக்கோடு' என்ற சொல்லின் மேல் வெறும் வெள்ளைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. சொல் இல்லாமலே வசனம் நடந்து போயிருந்தது. படங்களை மட்டும் அழித்துவிடலாம் என்று தலையாட்டியிருந்தால் அது அப்படியே அச்சேறியிருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் அவர்கள் சரியாகத் திருத்தியிருந்தார்கள். நன்றியுரையில் 'உளமார்ந்த' என்பதை நான் 'உளமாந்த' என்று அடித்திருந்தேன். "அத எடுத்துக்க" என்றார் மாஸ்டர். "நல்லது எவரிட்ட இருந்து வந்தாலும் நல்லதுதான்." மூலத்தில் அதைத் திருத்தினேன்.

ராத்தாவின் புதுப் பந்தியை மூலத்தில் சேர்த்தபோது பின்னாலிருந்த எல்லாம் தானாகக் கீழே இறங்கின. ஒரு கதையின் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தாவின. பொருளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன். பக்க எண்கள் மாறிக்கொண்டன. இதைக் கையால் பி.டி.எஃப்பில் செய்யப் போயிருந்தால் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

"இனி 'இடம்பெயர்' எண்டு தேடிப் பாரு, ஒண்டும் இருக்கப்படாது" என்றார் ராத்தா.

தேடினேன். ஒன்று வந்தது. பின்வரிசையில் பொருளடக்கம் பார்த்த அந்தப் பெண்ணின் கதையில், 'மழைக்கு முகாமுக்குள் வெள்ளம் வந்ததால் பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தோம்' என்று இருந்தது.

ராத்தா திரைக்குக் கிட்டப் போய் வாசித்தார். "அது அவள் சொன்னது. வெள்ளத்துக்கு அவங்களாத்தானே எழும்பிப் போனாங்க. விடு, அது சரியான சொல்."

பிறகு அடையாளங்களோடும் எழுத்துருக்களோடும் புது பி.டி.எஃப் எடுத்தேன். மாஸ்டர் இயர்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். அந்த மெஷினின் குரல் மூக்கால் பேசும், ஏற்ற இறக்கம் கிடையாது. ராத்தா தாளில் விரலை வைத்துத் தொடர்ந்தார், நான் திரையில் தொடர்ந்தேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சோற்றுப் பந்தி வந்தபோது மாஸ்டர் மெஷினை நிறுத்தினார்.

"ராத்தா, நிப்பாட்டவா?"

"என்னத்துக்கு? வாசிக்கட்டும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

புது பி.டி.எஃப்பைக் கொழும்புக்கு அனுப்பினோம். பதில் மூன்று வரியில் வந்தது. இந்த வடிவத்தில் தங்களால் வெளியிட முடியாது, தங்கள் பெயரையும் சின்னத்தையும் அட்டையிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று. மாஸ்டர் அதைக் கூட்டத்தில் வாசித்தார். ராத்தா, "நீக்கு" என்றார். நான் மூலத்திலேயே நீக்கினேன். அட்டை வெறிச்சென்று ஆகவில்லை, இன்னும் வடிவாகத்தான் இருந்தது. குடியேற்றத்து ஆட்களும், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்து அச்சுச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள்.

சிலாபத்தில் ஒரு அச்சகம் கிடைத்தது. முதலாளி சிங்களவர், தமிழ் பேசுவார், வாசிக்க மாட்டார். என் ஃபைலைத் திறந்து, தையல் பக்க ஓரம் போதாது என்றார். கட்டும்போது உள்வரிசை எழுத்து மடிப்புக்குள் போய்விடுமாம். "நான் இதிலேயே கொஞ்சம் ஒதுக்கிக் குடுக்கிறன்" என்றார்.

"முழுப் பக்கத்தையும் அப்பிடியே நகத்துறீங்களா, எழுத்துல கை வைக்கிறீங்களா?"

"முழுப் பக்கம்தான் மிஸ். படச்சட்டத்த நகத்துற மாதிரி. உள்ளுக்கு ஒண்டும் மாறாது."

"அப்ப செய்யுங்க. ஆனா எழுத்து எதுவும் உடைஞ்சோ கட்டமாவோ தெரிஞ்சா நீங்க திருத்த வேணாம், எனக்குச் சொல்லுங்க. நான் புதுசா எடுத்துத் தருவன்."

அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். என்ன புத்தகம் இது, இவ்வளவு கவனம் என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன்: எங்களைத் துரத்திய கதை, அதைத் துரத்தினார்கள் என்றே எழுதியிருக்கிறோம், அதில் சிலருக்கு விருப்பமில்லை. அவர் கொஞ்ச நேரம் திரையில் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்தச் சொல்?" என்று கேட்டார். காட்டினேன். நீளமான சொல் என்றார். ஓம், நீளம்தான் என்றேன்.

மாதிரிப் பிரதி வந்ததும் மறுபடியும் மூன்று பேருமாகப் பார்த்தோம். அச்சான தாளை மாஸ்டருக்கு நான் வாசித்தேன், அவர் தன் மெஷினில் தொடர்ந்தார். காதும் கண்ணும் ஒரே சொல்லைச் சொல்லின.

வெளியீடு பாலர் பாடசாலையிலேயே நடந்தது. பெரிய ஆட்கள் ஒருவரும் வரவில்லை. முற்றத்தில் தகரக் கூரை போட்டு, ஒலிவாங்கி வைத்து, ராத்தா தன் கதையை நின்றுகொண்டே வாசித்தார். அந்த வசனம் வந்த இடத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு, தலையை உயர்த்தி எல்லோரையும் பார்த்து, அதையே இன்னொருமுறை வாசித்தார்.

கூட்டத்தின் கடைசியில், தகரத்தின் நிழலுக்கு வெளியே, வெள்ளைச் சேர்ட்டோடு கோடினேட்டர் நின்றிருந்தார். அலுவலக வேன் இல்லை, பஸ்ஸில் வந்திருக்கிறார். முடிந்ததும் மேசைக்கு வந்து ஒரு புத்தகம் எடுத்தார். என்னிடம் உம்மாவின் சுகம் கேட்டார். ராத்தாவிடம் போய்ப் புத்தகத்தை நீட்டி, கையெழுத்து வைக்க முடியுமா என்று கேட்டார். ராத்தா பேனையை வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி, அதன் கீழே தான் பிறந்த ஊரின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.